துவாதசி, மூன்றே முக்கால் மணி

அன்புள்ள வகுளாவுக்கு, ஆச்சி எழுதுவது. நலம், உன் நலமும் அதுவே ஆகுக.

போன வாரம் போனில் நீ கேட்டாய், நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஏகாதசி விரதம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஊரெல்லாம் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், நம் வீட்டில் மட்டும் வைகாசி மாதத்து வளர்பிறை ஏகாதசிக்கு மறுநாள் பூஜைக் கரண்டியால் ஒரு உத்தரணி தண்ணீரைக் குடித்துவிட்டு சாயங்காலம் மூன்றே முக்கால் மணி வரைக்கும் ஏன் காய்ந்து கிடக்கிறோம், எந்தப் பஞ்சாங்கத்தில் இப்படி இருக்கிறது என்று கேட்டாய். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அது நம் வீட்டுக் கணக்கு. உன் அம்மாவிடம் கேட்டிருந்தால் அழுதிருப்பாள், உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் பாதிதான் சொல்லியிருப்பான், ஆகையால் நானே எழுதுகிறேன்.

முதலில் விரதம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், நீ பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வளர்ந்தவள். அமாவாசையிலிருந்தும் பௌர்ணமியிலிருந்தும் எண்ணினால் பதினோராவது திதி ஏகாதசி. மாதத்துக்கு இரண்டு வரும். முந்தின நாள் தசமியில் பகல் ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி கிடையாது. ஏகாதசியன்று அரிசி, கோதுமை, பருப்பு எதுவும் ஆகாது. முடிந்தவர்கள் துளசித் தீர்த்தத்தோடு இருப்பார்கள், வைகாசி வளர்பிறையில் அதுகூட இல்லாமல் இருப்பவர்கள் உண்டு, முடியாதவர்கள் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைக்கும் தள்ளாதவருக்கும் நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் விரதமே கிடையாது. மறுநாள் துவாதசி. குளித்து, சமைத்ததைப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப்பண்ணி, அந்தத் திதி முடிவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அதற்குப் பாரணை என்று பெயர். துவாதசியின் முதல் கால் பங்கில் பாரணை பண்ணக்கூடாது, திதி தாண்டியும் பண்ணக்கூடாது, தாண்டினால் இருந்த விரதத்துக்குப் பலன் இல்லை என்பார்கள். காய்ந்த வயிற்றுக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். புளி சேர்க்கமாட்டோம். அன்று பகலில் தூங்கவும் கூடாது.

இத்தனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார், உன் அப்பாவுடைய ஆச்சி, திருவேங்கடத்தம்மாள். நான் பிறந்த வீட்டில் விரதமும் தெரியாது ஒன்றும் தெரியாது, பசித்தால் சாப்பிடுவோம். நாவலடியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முதல் ஏகாதசியில் மத்தியானம் தலையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது அடுக்களையில் ஒரு வாய் அவலை அள்ளிப் போட்டுக்கொண்டேன், அவர்கள் பார்த்துவிட்டார்கள். திட்டவில்லை. "பசி வந்தா சொல்லணும், ஒளிஞ்சு திங்கப்படாது" என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு வருஷம் அவர்களிடம் நான் தேவைக்கு மேல் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை.

நான் வந்த இரண்டாம் வருஷம் புரட்டாசியில் ஒரு ஏகாதசியன்று தபால்கார இருதயராஜ் உச்சி வெயிலில் வந்து வாசலில் நின்று, "அம்மா, இன்னைக்கு உங்க வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டார். "ஏகாதசி அண்ணாச்சி, அடுப்பே பத்த வைக்கல" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, காலையில் தூக்குச்சட்டியை பஸ்ஸில் விட்டுவிட்டதாகவும், பசியோடு பெருமாள் கோயில் தெரு திரும்பும்போது வயிறு தானாக நிறைந்துவிட்டதாகவும், மணத்தக்காளி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்ட ஏப்பம் வருகிறதென்றும் சொன்னார். விரதம் இல்லாவிட்டால் அன்றைக்கு நான் செய்திருக்கக்கூடியது மணத்தக்காளி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான். "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு இரண்டு இன்லண்ட் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் எத்தனை வருஷமாக அப்படி நடந்துகொண்டிருந்ததோ, யாரும் வாயைத் திறந்து சொல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. இருதயராஜ் தபாலோடு சேர்த்து இதையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்ததில், ஆமாம் எனக்கும் அப்படி ஆனது, ஆடியில் ஒரு நாள் திடீரென்று பூசணிக்காய்க் கூட்டு வாசம் வந்து பசி அடங்கியது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஏகாதசி இருக்கிற வீட்டில் அன்றைக்கு உண்ணாமல் விட்ட சாப்பாடு, அந்த ஊரில் அன்றைக்குச் சாப்பாடு இல்லாத யாரோ ஒருவர் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. விரதக்காரர் மறுநாள் பாரணை பண்ணுகிற வரைக்கும் வேளாவேளைக்குப் போய்க்கொண்டிருக்கும், இவர் இலையில் கை வைத்ததும் அது நின்றுவிடும்.

ஊர் இதைப் புதிய பஸ் விட்டதைப்போல எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு நேரம் கேட்டு வைத்துக்கொண்டார்கள், பிறகு குறை சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்கள் ஏகாதசியன்று வேப்ப மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, எனக்குப் பட்டர் வீட்டுப் புளியோதரை, எனக்கு வாத்தியார் வீட்டுக் கத்தரிக்காய் என்று சொல்லிக்கொள்வார்கள், யாருக்காவது நம் வீட்டுச் சாப்பாடு வந்தால் அந்த மருமகளை உப்பு பார்த்துப் போடச் சொல்லுங்கள் என்று இருதயராஜிடம் சொல்லி அனுப்புவார்கள். மெஸ் வைத்திருந்த சங்கரபாண்டியன், மாதத்தில் இரண்டு நாள் கடனுக்குக்கூட யாரும் சாப்பிட வரமாட்டேனென்கிறார்கள் என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து, பிறகு அந்த இரண்டு நாளும் கடையைப் பூட்டி வெள்ளையடிக்கிற நாளாக வைத்துக்கொண்டார். வக்கீல் வீட்டு அம்மா ஏகாதசிக்கு ஜவ்வரிசி உப்புமாவும் வாழைக்காய் வறுவலும் பாதாம் அல்வாவுமாக விரதம் இருந்தார்கள், அவர்கள் வீட்டிலிருந்து யாருக்கும் ஒரு பருக்கை போகவில்லை, அது ஊருக்கே தெரிந்துபோனதில் அந்த அம்மா இரண்டு மாதம் வெளியே தலைகாட்டாமல், மூன்றாம் மாதம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, ரயில் கேட்காரர் வயிற்றுக்கு ஒரு முழு விருந்தை அனுப்பிவைத்தார்கள்.

என் மாமியார் மட்டும் இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பெருமாளுக்குன்னு இருக்கது. அது எங்க போகுதுன்னு எட்டிப் பாக்கது நம்ம வேலையா?" என்பார்கள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் ஒரு பாரணையும் நேரம் தவறியதில்லை.

நான் வந்த ஏழாம் வருஷம் வைகாசி. மழை இல்லை. பெருமாள் கோயில் நந்தவனத்துக் கிணறு வற்றிப்போய், அதை இன்னும் ஆழப்படுத்த ஆள் வைத்திருந்தார்கள். வளர்பிறை ஏகாதசியன்று காலை பத்து மணி சுமாருக்கு ஊரே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் ஓடிப் போனபோது கிணற்றின் கிழக்குச் சுவர் அப்படியே சரிந்து உள்ளே விழுந்து, பெரிய பாறை ஒன்று நடுவில் கோணலாகச் சிக்கிக்கொண்டு, அதன்மேல் மண்ணும் கல்லுமாக மூடியிருந்தது. அதற்குக் கீழே ஒரு ஆள். மாசாணம் என்று பெயர், இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். அவர்தான் உன் அம்மாவைப் பெற்ற தாத்தா. நீ பிறக்கும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டார், கிணறு வெட்டினவர் என்று உனக்குத் தெரியும், இது தெரியாது.

கீழிருந்து குரல் வந்தது. கல் இடுக்கு வழியாகக் குரல் மட்டும்தான் வந்தது, ஒரு கயிறோ குழாயோ நுழைய வழியில்லை, விட்டுப் பார்த்ததெல்லாம் வளைந்து மேலேயே நின்றது. உள்ளே ஊற்று திறந்து தண்ணீர் தன் இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டதாகவும், பாறையின் ஒரு மூக்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்குவதாகவும், கால் கீழே பாவவில்லை என்றும் சொன்னார். கை சோர்ந்தாலோ மயக்கம் வந்தாலோ நழுவிப் போய்விடுவார், நழுவினால் தண்ணீர்தான். முந்தின நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடவும் இல்லையாம். மண்ணை அவசரமாக எடுத்தால் பாறை இறங்கும், கூடை கூடையாக, கை கையாகத்தான் எடுக்க வேண்டும், நாளைக்குச் சாயங்காலம் ஆகலாம் என்று மேஸ்திரி சொன்னார். மாசாணத்தின் பெண்சாதி பேச்சியம்மாள் கிணற்று ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள், அழவில்லை, அழுதால் அவருக்குக் கேட்கும் என்று.

உச்சிப்பொழுதில் உள்ளே இருந்து ஒரு சத்தம். எல்லாரும் மண்வெட்டியை நிறுத்தினார்கள்.

"ஏ பேச்சி, சாப்பாடு வருது!"

"என்ன சாப்பாடு?"

"தெரியல. அவியலு, கூட்டு, ரெண்டு வகைப் பாயாசம், புளியோதரை... ஏ, இன்னும் வருது! போதும்னு சொல்லு, வயிறு வெடிச்சிரும்!"

அன்றைக்கு நாற்பத்திரண்டு வீட்டில் ஏகாதசி. நாற்பத்திரண்டு வீட்டுச் சாப்பாடும் அந்தக் கிணற்றுக்குள் போயிருக்கிறது. பேச்சியம்மாள் அப்போதுதான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்து அழுதாள். ஊர் அன்றைக்கு முழுக்க அந்த மகிழ்ச்சியிலேயே மண் சுமந்தது, மெஸ் சங்கரபாண்டியன்கூட வெள்ளையடிக்கிற மட்டையைப் போட்டுவிட்டு வந்து கூடை தூக்கினார்.

மறுநாள் துவாதசி என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்தத் துவாதசி சின்னது. சூரிய உதயம் ஆறு மணி, அதிலிருந்து நாலு நாழிகை நாற்பத்தைந்து விநாழிகைதான் திதி இருந்தது, அதாவது ஏழு ஐம்பத்துநாலு வரைக்கும். முதல் கால் பங்கு முந்தின நாள் பகலிலேயே கழிந்துவிட்டதால் விடிந்ததும் சாப்பிடலாம். அப்படியே எல்லாரும் ஆறேகாலுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கூடையோடு கிணற்றுக்குப் போய்விட்டார்கள். நம் வீட்டில் மட்டும் தாமதம். அகத்திக்கீரை கொண்டுவருகிறவளும் கிணற்றடியிலேயே நின்றுவிட்டதால் நானே போய் ஒடித்துக்கொண்டு வந்து, ஆய்ந்து, பொரியல் பண்ணி, நெல்லிக்காய்ப் பச்சடியும் சுண்டைக்காய் வறுவலும் பாசிப்பருப்பும் மோர்க்குழம்பும் முடித்து, பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணும்போது ஏழரை ஆகிவிட்டது. உன் தாத்தா வடமலையப்பன், என் வீட்டுக்காரர், பாறைக்கு முட்டுக்கொடுக்க மரம் வாங்கப் போயிருந்தார். மாமியாரும் நானும்தான். இரண்டு இலை போட்டுப் பரிமாறி, அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அப்போது இருதயராஜ் ஓடி வந்தார்.

"அம்மா, சாப்பிட்டுட்டிங்களா?"

"இனிமேதான். ஏன்?"

"ஊர்ல எல்லாரும் சாப்பிட்டாச்சு, மாசாணத்துக்கு வரது நின்னு போச்சு. கையி நடுங்குதுங்கான். சங்கரபாண்டியன் நான் இன்னைக்குப் பட்டினி இருக்கேன்னு இருந்து பாத்தாரு, அது போய்ச் சேரல. நேத்துலருந்து விடாம இருக்கவங்கதான் வேணும் போலுக்கு. உங்க வீடு மட்டும்தான் மிச்சம்."

என் மாமியார் இலையைப் பார்த்தார்கள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு முப்பத்தெட்டு.

அவர்கள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. முப்பத்தொன்பது வருஷம் பெருமாளிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கிணற்றுக்குள் நடுங்குகிற கை ஒரு பக்கம். சாப்பிட்டால் அவர் போய்விடுவார், சாப்பிடாமல் திதி தாண்டினால் விரதம் போய்விடும். "பட்டரைக் கூப்பிடு" என்றார்கள். நான் ஓடினேன், வகுளா, ஏழு வருஷத்தில் அவர்கள் சொல்லி நான் ஓடியது அதுதான் முதல் தடவை. ஸ்ரீதரன் பட்டர் கோயில் வாசலில் மண் படிந்த வேட்டியோடு நின்றார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "தீர்த்தம்" என்றார்.

"என்ன சாமி?"

"துளசித் தீர்த்தம் ஒரு உத்தரணி. திதிக்குள்ள அதை உட்கொண்டா பாரணை ஆச்சு. சாப்பிட்டதாவும் ஆகும், சாப்பிடாததாவும் ஆகும். சாஸ்திரத்துல அதுக்கு இடம் இருக்கு. போ, மணியாறது."

வீட்டுக்கு வந்தபோது ஏழு நாற்பத்தொன்பது. சொன்னேன். மாமியார் எழுந்து, பெருமாள் முன்னால் இருந்த வெள்ளிச் செம்பிலிருந்து ஒரு உத்தரணி தீர்த்தத்தை வலது உள்ளங்கையில் வாங்கி உட்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இலையை நகர்த்தி வைத்தார்கள்.

"நீ சாப்பிடு. நான் இருக்கேன்."

"நானும் இருக்கேன் அத்தை."

"ஏட்டி, உனக்குப் பசி தாங்காதுல்லா."

"வந்தா சொல்லுதேன். ஒளிஞ்சு திங்கமாட்டேன்."

அவர்கள் இன்னொரு உத்தரணியை எடுத்து என் கையில் விட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரத்தில் இருதயராஜ் திரும்ப வந்து, கிணற்றடியிலிருந்து வந்த சேதியை வாசலிலேயே நின்று கத்தினார். "வந்துட்டு! சோறும் பருப்பும் மோர்க்குழம்பும் வந்துட்டாம்! கீரைதான் கசக்குங்கான்!"

"அகத்தி கசக்கத்தான் செய்யும், மென்னு முழுங்கச் சொல்லு" என்று மாமியார் உள்ளே இருந்து குரல் கொடுத்தார்கள். அவர்கள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"உப்பு?" என்று நான் கேட்டேன்.

"உப்பு சரியா இருக்காம்!"

அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் என் சமையலை ஒருவர் சரியென்று சொன்னது, வகுளா, முப்பதடி ஆழத்திலிருந்து. பசி காதை அடைத்தது, ஆனாலும் எழுந்து போய் மத்தியானத்துக்கு மறுபடியும் அடுப்பை மூட்டினேன். இலையில் என்ன இருக்கிறதோ அதுதானே போகும், ஆறிப்போன கீரையைப் போய் அனுப்புவானேன் என்று தோன்றியது. புளி விடாமல் மிளகு ரசம் வைத்தேன், தண்ணீருக்குள் கிடக்கிறவருக்குச் சூடாக இருக்கட்டும் என்று. பரங்கிக்காயும் தேங்காயும் போட்டுப் பால்கூட்டு வைத்தேன். மாமியார் தேங்காய் துருவிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. துவாதசியன்று பகலில் படுக்கக் கூடாதென்று தூணில் சாய்ந்துகொண்டார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். அவர்கள் தூங்கிவிடாமல் இருக்க நான் பேச வேண்டியிருந்தது, பேச வேண்டுமே என்பதற்காக நான் பிறந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன், என் அப்பா செத்தபோது எட்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பெரியாததைச் சொன்னேன், அதனால்தான் பசி வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும் என்று சொன்னேன்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்கள்.

"நீங்க கேக்கலயே அத்தை."

"ஆமா" என்றார்கள். "நான் கேக்கல."

மூன்று மணிக்குப் பாறைக்கு முட்டுக்கொடுத்து முடித்தார்கள். மூன்றரைக்கு மாசாணத்தின் தலை தெரிந்தது. ஒரு நாளைக்கும் மேலாகக் கிணற்றுக்குள் தொங்கின ஆள் தெளிந்த முகத்தோடு, சிவந்த கண்ணோடு, உள்ளங்கையெல்லாம் தோலுரிந்து வெளியே வந்து, பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக, "ரசம் வச்ச வீடு எது?" என்று கேட்டாராம்.

அவரை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வழக்கம்போலப் புழக்கடைப் பக்கம் போய் நின்றார். கிணறு வெட்டுகிறவர்கள் அந்தத் தெருவில் யார் வீட்டு முன்வாசலிலும் ஏறியதில்லை, எங்கள் வீட்டிலும் தண்ணீர் கேட்டால் பின்பக்கம்தான் ஊற்றுவோம், மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் புழக்கடைக்கே போய், "முன்னால வா" என்றார்கள். அவர் தயங்கினார். "நாள் முழுக்க இந்த வீட்டுச் சாப்பாடுதான் உள்ள இருக்கு, பிறகென்ன யோசன? வா" என்றார்கள்.

மாசாணமும் பேச்சியம்மாளும் கூடத்துக்கு வந்தார்கள். நான்கு இலை போட்டேன். அவர் இலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எனக்கு வேண்டாம் தாயி. நிறைஞ்சு போயிருக்கு. இனி ரெண்டு நாளைக்கு இறங்காது. நீங்கதான் சாப்பிடணும்."

நான் பரிமாறக் குனிந்தேன், கண் இருண்டு கரண்டி கை நழுவியது. அவர் அதைப் பிடித்தார். புண்ணான கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் தடுக்கத் தடுக்க, மாமியாரைப் பார்த்து, "நான் போடலாமா தாயி?" என்று கேட்டார். வாசலில் பாதி ஊர் நின்றது. சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால்.

என் மாமியார் தலையாட்டினார்கள். மாசாணம் சோறு எடுத்து வைத்தார், பருப்பு விட்டார், நெய் விட்டார், கீரையை வைக்கும்போது "இது கசக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மாமியார் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தார்கள், மென்றார்கள், விழுங்கினார்கள்.

அதற்கு இருபத்துநாலு வருஷம் கழித்துத்தான் உன் அப்பா, மாசாணம் மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். தெருவில் இரண்டு வீடு எங்களோடு பேச்சை நிறுத்தியது, மற்றவர்கள் வந்து பந்தல் போட்டார்கள். மாமியார் அப்போது இல்லை. இருந்திருந்தால் நாள் குறிக்கும்போது ஏகாதசி வராமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வேறொன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இதற்காகத்தான் நாம் அந்த நாளை அப்படி இருக்கிறோம். இந்தத் தடவை மூன்றே முக்கால் வரைக்கும் தாங்காமல் கான்டீனில் சாப்பிட்டுவிட்டதாகப் போனில் சொன்னாயே, அதற்கு மனசை வருத்திக்கொள்ளாதே. முடிந்தால் இரு, முடியாவிட்டால் பழம் சாப்பிட்டு இரு, உடம்பு சரியில்லையென்றால் இருக்கவே வேண்டாம். இருந்தால், துவாதசி எத்தனை மணி வரைக்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள், தீர்த்தத்துக்கு அந்த ஊரில் துளசி கிடைக்குமா என்றும் கேட்டு வை. உன் அறையில் உன்னோடு இருக்கிற அசாம் பெண் மாதக் கடைசியில் சாப்பிடுவதில்லை என்று சொன்னாயே, அவளை என்ன ஏதென்று கேள். அவளாகச் சொல்லமாட்டாள், நீதான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆச்சி